இறுதிச் சுற்றில் டெமோ நின்றுபோனால்: மலையக ஹெக்கத்தோன் அணிகள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

எங்கள் டெமோவில் எது பழுதாகும் என்று மேடை ஏறுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

பெரும்பாலும் முடியும். டெமோ தொடங்கும் இடத்திலிருந்து திரையில் முடியும் இடம் வரை, தகவல் கடந்து செல்லும் பாதையை ஒரு கடதாசியில் வரிசையாக எழுதிப் பார்த்தால் போதும். விளக்கம் காற்றில் நிற்காமல் இருக்க, இந்தப் பக்கம் முழுவதும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன். ஹட்டன் பக்கத்து மாணவர்கள் நால்வர் செய்த, நான் கூட இருந்து பார்த்த ஒரு கருவி அது. கொழுந்து நிறுக்கும்போது தராசு காட்டிய நிறை எவ்வளவு, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தது எவ்வளவு, பெயரில் பதிந்தது எவ்வளவு என்ற மூன்று எண்களையும் அந்த இடத்திலேயே தொழிலாளியின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புவதே அதன் வேலை.

அவர்கள் எழுதிய பாதையில் பத்துக் கண்ணிகள் இருந்தன: தராசின் அடியில் உள்ள நிறை உணரி, அதன் சமிக்ஞையை எண்ணாக மாற்றும் HX711 பலகை, அந்த எண்ணை அனுப்பும் ESP32, அரங்கின் வைஃபை, இணையத்தில் எங்கோ இருக்கும் சேர்வர், லெப்டொப்பில் திறந்திருக்கும் பக்கம், புரொஜெக்டர், குறுஞ்செய்தி அனுப்பும் சேவை, தொலைபேசி வலையமைப்பு, கடைசியாகக் கைபேசி. ஒவ்வொன்றுக்கும் எதிரே "நம்முடையது", "நம்முடையது அல்ல" என்று குறிக்கச் சொன்னேன். வைஃபை, சேர்வர், புரொஜெக்டர், குறுஞ்செய்திச் சேவை, வலையமைப்பு ஆகிய ஐந்தும் அவர்கள் கையில் இல்லை. இரவு முழுவதும் தங்கள் நிரலில் பிழை தேடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு, ஆபத்தில் பாதி நிரலுக்கு வெளியே இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

வீடியோ ஒன்று எடுத்து வைத்திருக்கிறோம். அது போதாதா?

அந்த வீடியோ எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் ஸ்லைட்ஸில் இணைத்து வைத்திருந்தால், டெமோவை நிறுத்திய அதே இணையத் தடை வீடியோவையும் நிறுத்திவிடும். மாற்று ஏற்பாடு என்று ஒன்றை நம்புவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: முதலாவது விழுவதற்குக் காரணமாக இருக்கக்கூடிய கண்ணியில் இரண்டாவதும் தொங்கிக்கொண்டிருக்கிறதா? தொங்கினால் அது மாற்று அல்ல, அதே கயிற்றின் இன்னொரு முடிச்சு.

ஆகவே மாற்றைப் படிகளாக அமைக்கும்படி சொல்கிறேன். மேல்படியில் முழு டெமோ இருக்கும். அதற்குக் கீழே, இணையமும் வைஃபையும் இல்லாமல் தராசையும் லெப்டொப்பையும் கேபிளால் இணைத்து ஓட்டும் டெமோ. அதற்கும் கீழே லெப்டொப்பிலேயே கோப்பாக இருக்கும் வீடியோ. கடைசியில் அச்சிட்ட கடதாசி. ஒவ்வொரு படி இறங்கும்போதும் பழுதாகக்கூடிய கண்ணி ஒன்றாவது குறைய வேண்டும். குறையாவிட்டால் அந்தப் படியை வைத்திருப்பதில் பயனில்லை.

பெரும்பாலான அணிகள் மேல்படியிலிருந்து நேராக வீடியோவுக்குக் குதிக்கின்றன. இடையில் உள்ள கேபிள் படிக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். அங்கே நடுவர்கள் பார்ப்பது பதிவு அல்ல, கண்ணெதிரே வேலை செய்யும் கருவி.

அரங்கில் வைஃபை நன்றாகத்தான் இருக்கிறது, முதல் நாளே பார்த்துவிட்டோம். இன்னும் ஏன் பயப்பட வேண்டும்?

முதல் நாள் நீங்கள் பார்த்தது உங்கள் கைபேசியில், ஆட்கள் குறைவாக இருந்த மண்டபத்தில். மேடையில் இணைய வேண்டியது ESP32. இவற்றுக்கிடையே மூன்று வித்தியாசங்கள் உண்டு. சாதாரண ESP32 பலகைக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். அரங்கின் வைஃபை 5 கிகாஹேர்ட்ஸில் மட்டும் ஓடினால் கைபேசிக்குத் தெரியும் பெயர் பலகைக்குத் தெரியவே தெரியாது. இரண்டாவது, விடுதிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இணைந்தவுடன் ஒரு பக்கம் திறந்து பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் வழக்கம் உண்டு. திரையில்லாத பலகையால் அந்தப் பக்கத்தை நிரப்ப முடியாது. மூன்றாவது, பொது வைஃபையில் ஒரு சாதனம் மற்றொன்றைப் பார்க்காதபடி பாதுகாப்புக்காகத் தடுத்து வைத்திருப்பார்கள். பலகையும் லெப்டொப்பும் ஒரே வலையில் இருந்தாலும் ஒன்றுக்கொன்று பேசாது. இது அணிகளை அதிகம் குழப்புவது, ஏனென்றால் இரண்டிலும் "இணைந்தது" என்றே காட்டும்.

கூட்டம் சேர்ந்த பிறகு இன்னொன்றும் நடக்கும். 2010 ஜூன் 7 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜொப்ஸ் ஐபோன் 4ஐ அறிமுகப்படுத்தியபோது பக்கங்கள் திறக்க மறுத்தன. பார்வையாளர்கள் கொண்டுவந்திருந்த நூற்றுக்கணக்கான சிறு வைஃபை நிலையங்களே காரணம் என்று சொல்லி, அவற்றை அணைக்கும்படி மேடையிலிருந்தே அவர் கேட்க வேண்டியிருந்தது. 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத அலைத்தடங்கள் மூன்றுதான் உள்ளன. இருபது அணிகளும் ஆளுக்கொரு ஹொட்ஸ்பொட் போட்டால் எல்லாம் அந்த மூன்றுக்குள்தான் நெருக்க வேண்டும்.

இருந்தாலும் அரங்கின் வைஃபையைவிட உங்கள் ஹொட்ஸ்பொட்டே நல்லது, ஏனென்றால் கடவுச்சொல்லும் அமைப்பும் உங்கள் கையில் இருக்கும். இரண்டு கைபேசிகளில் இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் வைத்துக்கொள்ளுங்கள்; ஒன்று டயலொக் என்றால் மற்றது மொபிட்டெல். இரண்டிலும் ஹொட்ஸ்பொட் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாகவே வைத்து, அலைவரிசையை 2.4க்கு மாற்றிவிட்டால், முதல் கைபேசியில் சிக்னல் போனதும் அதை அணைத்து மற்றதை இயக்கினால் போதும். பலகை தானாகவே புதியதில் இணைந்துகொள்ளும். நிரலைத் தொட வேண்டியதில்லை. மலைச்சரிவுகளில் ஒரு வளைவுக்கு ஒரு வலையமைப்பு என்று வாழ்ந்து பழகிய நமக்கு இரண்டு சிம் ஒன்றும் புதிதல்ல.

இணையம் இல்லாமல் டெமோவை ஓட்டுவதற்கு என்ன மாற்ற வேண்டும்?

முதலில், சேர்வரில் ஓடும் அதே நிரல் லெப்டொப்பிலும் ஓட வேண்டும். பக்கத்தை `http://localhost:8000` என்ற முகவரியில் திறக்க வேண்டும். இலவசச் சேர்வர்களை நம்பியிருக்கும் அணிகளுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. அவற்றில் சில, கொஞ்ச நேரம் யாரும் அழைக்காவிட்டால் உறங்கிவிடும்; மீண்டும் விழிக்க ஒரு நிமிடம் வரை எடுக்கும். உங்கள் முறைக்காகக் காத்திருக்கும் நேரமே அது உறங்கப் போதுமானதாக இருக்கலாம்.

அடுத்தது, நிறையை வைஃபை வழியாக மட்டுமன்றி யூஎஸ்பி கேபிள் வழியாகவும் பெறுவது. ESP32 ஒவ்வொரு நிறையையும் ஒரு வரியாக அச்சிட்டால், `pyserial` நிறுவிய லெப்டொப்பில் அதைப் படிக்க நான்கு வரிகள் போதும்:

```python
import serial
port = serial.Serial("COM3", 115200, timeout=2)
line = port.readline().decode().strip()
weight = float(line) if line else None
```

இதில் இரண்டு பொறிகள் உள்ளன. `COM3` என்ற எண், கேபிளை லெப்டொப்பின் வேறு துளையில் செருகினால் மாறிவிடலாம். ஆகவே எந்தத் துளை என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். அடுத்தது கேபிள். கைபேசிச் சார்ஜருடன் வரும் சில கேபிள்களில் மின்சாரத்துக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும், தகவலுக்கான கம்பிகள் இருக்காது. பலகையில் விளக்கு எரியும், ஆனால் லெப்டொப்புக்கு அப்படியொரு பலகை இருப்பதே தெரியாது. வேலை செய்யும் கேபிளைக் கண்டுபிடித்ததும் அதில் ஒரு சிவப்பு நூல் கட்டி, யாரும் கைபேசி சார்ஜ் பண்ண எடுத்துச் செல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். (சொல்வதற்குச் சிரிப்பாக இருக்கும். அந்த ஹட்டன் அணி முக்கால் மணி நேரம் இழந்தது இதில்தான்.)

பிறகு லெப்டொப்பின் வைஃபையை முழுவதுமாக அணைத்து, பக்கத்தை `Ctrl+Shift+R` அழுத்திப் புதிதாகத் திறந்து பாருங்கள். எழுத்துரு, வரைபடம், பொத்தான்களின் வடிவம் ஆகியவற்றை உங்கள் பக்கம் இணையத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தால், இப்போது அது வெறும் எழுத்துகளாகச் சிதறி நிற்கும். தேவையான கோப்புகளை லெப்டொப்பில் இறக்கி, பக்கம் அவற்றையே எடுக்கும்படி மாற்ற வேண்டும். சாதாரணமாகத் திறந்து பார்த்தால் பழைய நினைவிலிருந்து எடுத்து அழகாகக் காட்டி ஏமாற்றிவிடும். அதனால்தான் அந்த மூன்று விசைகள்.

குறுஞ்செய்தி மட்டும் இணையமும் வலையமைப்பும் இன்றிப் போகாது. அந்தப் பகுதிக்கு, அனுப்பத் தயாராக இருக்கும் செய்தியின் வாசகத்தைத் திரையில் காட்டி, "இது இன்னும் அனுப்பப்படவில்லை, இணைப்பு வந்ததும் போகும்" என்று சொல்லிவிடலாம். தோட்டத்தில் சிக்னல் இல்லாத மலைகளில் கருவி அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்பதால், அந்த அணிக்கு இது குறையாகத் தெரியவில்லை. உண்மையில் நடுவர்கள் கேட்கவிருந்த ஒரு கேள்விக்குப் பதிலாகவே அமைந்தது.

மாற்று வீடியோவை எப்படி எடுப்பது?

வெட்டாமல், ஒட்டாமல், ஒரே ஓட்டமாக எடுங்கள். இடையில் ஒரு வெட்டு இருந்தாலும் அந்த இடத்தில் ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். பொதியைத் தராசில் வைக்கும் கை, தராசு, எண் மாறும் திரை ஆகிய மூன்றும் ஒரே சட்டகத்துக்குள் தெரிய வேண்டும். கைபேசித் திரையை மட்டும் தனியாகப் பதிய வேண்டுமானால், யூஎஸ்பி வழியாக அதை லெப்டொப்புக்குக் கொண்டுவந்து பதியும் இலவச மென்பொருள் உண்டு. கைபேசியில் யூஎஸ்பி டிபக்கிங் அனுமதியை இயக்கிவிட்டு, இந்தக் கட்டளையைக் கொடுத்தால் போதும்:

```
scrcpy --record demo.mp4
```

குரல் பதிய வேண்டாம். பேசுபவர் மேடையில் நேரடியாகப் பேச, பின்னால் படம் மட்டும் ஓடட்டும். அப்படியானால் டெமோவுக்கென்று மனனம் செய்த அதே வசனங்கள் வீடியோவுக்கும் பொருந்தும். மாறியதால் பேச்சு தடுமாறாது. வீடியோவின் நீளமும் நேரடி டெமோவின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்கும் அதுவே காரணம். டெமோ 90 விநாடி என்றால் வீடியோவும் 90 விநாடியைத் தாண்டக்கூடாது. இன்னும் சொல்லப்போனால் 75 விநாடி நல்லது, மாறுவதற்கு ஏற்கெனவே 15 விநாடி செலவாகியிருக்கும்.

கோப்பை லெப்டொப்பின் முகப்பிலும், இரண்டாவது லெப்டொப்பிலும், பென் டிரைவிலும் வையுங்கள். பேசுவதற்கு முன் முதல் படத்தில் நிறுத்திய நிலையில் திறந்தே வைத்து, `Alt+Tab` ஒரே தடவை அழுத்தினால் வரும்படி செய்துகொள்ளுங்கள். நடுவர்கள் முன்னால் கோப்புறை கோப்புறையாகத் தேடுவது, டெமோ விழுந்ததைவிட மோசமாகத் தெரியும்.

டெமோ நின்றுவிட்டது. எப்போது மாறுவது, யார் முடிவெடுப்பது?

இதை மேடையில் முடிவெடுக்கக்கூடாது. முதல் நாளே முடிவெடுத்திருக்க வேண்டும். திரையில் எண் வராமல் நிற்கும்போது பேசுபவருக்கு 10 விநாடி ஒரு விநாடி போலவும் பார்ப்பவருக்கு ஒரு நிமிடம் போலவும் தோன்றும். "இன்னும் ஒரு தடவை அழுத்திப் பார்ப்போம்" என்று மூன்று தடவை அழுத்திய அணிகள், ஐந்து நிமிடத்தில் ஒன்றரை நிமிடத்தை அங்கேயே தொலைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இரண்டு பேர் வேண்டும். பேசுபவர் பேச மட்டும் செய்வார். லெப்டொப்பையும் தராசையும் இயக்குபவர் இன்னொருவர். மாறும் அதிகாரம் இயக்குபவருக்கு மட்டுமே. பொதியை வைத்ததிலிருந்து அவர் மனதுக்குள் எண்ணத் தொடங்குவார். 10 வரை எண்ணியும் நிறை வராவிட்டால் ஒரேயொரு சொல்லைச் சொல்வார். ஹட்டன் அணி வைத்துக்கொண்ட சொல் "கேபிள்". அந்தச் சொல் கேட்டதும் பேசுபவர், முன்பே மனனம் செய்த வாக்கியத்தைச் சொல்வார்: "நிறை திரைக்கு வந்து சேரவில்லை, இதே தராசைக் கேபிளில் இணைத்துக் காட்டுகிறோம்." அது முடிவதற்குள் இயக்குபவர் சிவப்பு நூல் கட்டிய கேபிளைச் செருகியிருப்பார். அதிலும் 10 எண்ணும் வரை வராவிட்டால், சொல் "பதிவு", வாக்கியம், "நேற்று இரவு இதே கருவியில் எடுத்த பதிவைப் பாருங்கள்." அதற்குப் பிறகு நேரடி டெமோவுக்குத் திரும்புவதில்லை என்பதும் முன்கூட்டியே எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

அந்த வாக்கியத்தில் காரணம் சொல்லாததைக் கவனியுங்கள். "அரங்கின் வைஃபை சரியில்லை" என்று சொல்லிவிட்டு, பிறகு பழுது உங்கள் நிரலில் என்று தெரியவந்தால் வெட்கம். முந்தைய அணிக்கு அதே வைஃபை வேலை செய்திருந்தால் இன்னும் வெட்கம். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னால் எந்தப் பக்கமும் சிக்கல் இல்லை.

இதற்கு இடம் இருக்கும்படி நேரத்தையும் பிரித்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் தந்தால் நாலரை நிமிடத்துக்குத் தயாராகுங்கள்; மிச்சமுள்ள அரை நிமிடம் மாறுவதற்கானது. டெமோவைக் கடைசியில் வைக்காதீர்கள். முதல் நிமிடத்தில் பிரச்சினையைச் சொல்லி, ஏறக்குறைய 1:15க்குத் தராசைத் தொட்டுவிட்டால், விழுந்தாலும் எழுந்து நிற்க நேரம் இருக்கும். கடைசி நிமிடத்தில் வைத்த டெமோ விழுந்தால், நடுவர்கள் மனதில் தங்குவது அந்த விழுகை மட்டுமே.

வீடியோவுக்கு மாறினால் புள்ளி குறையுமா?

குறையலாம், குறையாமலும் போகலாம். அது அந்தப் போட்டியின் விதிகளைப் பொறுத்தது. நேரடியாக இயங்கியே ஆக வேண்டும் என்று விதி வைத்திருப்பவர்களும் உண்டு, வீடியோவையே கேட்பவர்களும் உண்டு. ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே, எழுத்தில், ஒரே கேள்வியாகக் கேட்டுவிடுங்கள்.

புள்ளியைவிடப் பெரிய ஆபத்து வேறு. இணைப்பு இல்லாதபோது, பயன்பாடு சேமித்து வைத்த பழைய எண்ணை எடுத்துப் புதியதுபோலக் காட்டும்படி சிலர் எழுதி வைப்பார்கள். கேட்டால் "டெமோ மோட்" என்பார்கள். நடுவர் ஒருவர் எழுந்துவந்து தன் கைப்பையைத் தராசில் வைத்துப் பார்த்தால், பை எதுவானாலும் 2.4 கிலோ என்று காட்டும் கருவியை எந்த விளக்கமும் காப்பாற்றாது. அதற்குப் பிறகு நீங்கள் உண்மையாகச் செய்தவற்றையும் நம்பமாட்டார்கள். மேலே உள்ள நிரலில் வரி வராதபோது `None` என்று வைத்திருப்பது இதற்காகத்தான். திரையில் அந்த இடத்தில் "நிறை வரவில்லை" என்று காட்ட வேண்டும். மாதிரித் தரவைக் காட்டுவதே வழி என்றால், திரையின் மூலையில் "மாதிரித் தரவு" என்று பெரிதாக எழுதி, வாயாலும் சொல்லிவிடுங்கள்.

நின்றுபோகவில்லை, ஆனால் தராசு தப்பான எண்ணைக் காட்டுகிறது. அப்போது?

இதுதான் எனக்கு அதிகம் பயம் தரும் பழுது, ஏனென்றால் யாரும் "கேபிள்" என்று சொல்லாமல் டெமோ தொடர்ந்து ஓடும். நிறை உணரி என்பது பாரத்தால் மிக நுண்ணிய அளவு வளையும் ஓர் உலோகத் துண்டு. வெப்பநிலை மாறினாலும், திருகாணி தளர்ந்தாலும், மேசை ஆடினாலும் அதன் எண் நகரும். நுவரெலியாக் குளிரில் சரிபார்த்த தராசை, இறுதிச் சுற்றுக்காகக் கொழும்புக்கு ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுபோனால், அங்கே வெக்கையில் அது அதே எண்ணைக் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

மேடை ஏறுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே மின்சாரம் கொடுத்து, அந்த மண்டபத்திலேயே இருக்க விடுங்கள். பிறகு வெறும் தட்டோடு பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, கடையில் வாங்கிய 1 கிலோ சீனிப் பக்கெட்டை வைத்துப் பாருங்கள். ஹட்டன் அணி வைத்த எல்லை, 980 கிராமுக்கும் 1,020 கிராமுக்கும் இடையில். அதற்கு வெளியே போனால் மறுபடி சரிப்படுத்துவது; இரண்டாவது தடவையும் போனால், திருகாணி முறுக்கும் வேலையெல்லாம் இல்லாமல் நேராக வீடியோ. அதே பக்கெட்டை டெமோவின் முதல் பொருளாகவும் வைத்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த நிறையைக் கருவி சரியாகச் சொன்ன பிறகு, கொழுந்துப் பையின் நிறையை யாரும் சந்தேகிப்பதில்லை.

கொழுந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலையில் பறித்த பச்சைக் கொழுந்து, பையில் இருக்க இருக்க வாடி ஈரத்தை இழக்கும். ஒத்திகையில் 2 கிலோ காட்டிய பை மாலை மேடையில் அதைவிடக் குறைவாகக் காட்டியபோது, பிள்ளைகள் தராசில் பிழை என்று பதறினார்கள். தராசு சரியாகத்தான் சொன்னது.

பேசிக்கொண்டிருக்கும்போது மின்சாரமே போனால்?

லெப்டொப்பும் பவர் பேங்கில் ஓடும் பலகையும் தொடரும், போவது புரொஜெக்டர். மின்சாரம் திரும்பினாலும் விளக்கு வகைப் புரொஜெக்டர் முழு வெளிச்சத்துக்கு வர நேரம் எடுக்கும். இடிமழை பெய்யும் ஒக்டோபர், நவம்பர் பிற்பகல்களில் மலையகத்து மண்டபங்களில் இதை எதிர்பார்த்தே போக வேண்டும். நடுவர் ஒவ்வொருவருக்கும் மூன்று ஏ4 தாள்கள் கையில் இருக்கட்டும்: திரையின் படம், கருவியின் பாதை, குறுஞ்செய்தியின் மாதிரி. லெப்டொப்பை நடுவர் மேசைக்கே தூக்கிச் சென்று காட்டலாமா என்று கேட்டால், பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

மின்சாரம் இருக்கும்போதும் செருகி பொருந்தாமல் போகலாம். பழைய மண்டபங்களில் மூன்று வட்டக் கம்பிச் செருகிக்கான துளையும், புதியவற்றில் மூன்று சதுரக் கம்பிக்கானதும் இருக்கும். இரண்டுக்கும் பொருந்தும் மல்டிபிளக் ஒன்று பையில் இருக்க வேண்டும்.

ஸ்லைட்டில் தமிழ் எழுத்தெல்லாம் அங்கே ஆங்கில எழுத்தாகத் தெரிந்தது. ஏன்?

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது அப்படித்தான் தெரியும். யூனிகோடில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் பிரதி ஒன்றையும் பென் டிரைவில் வைத்திருங்கள்.

ஆங்கிலத்தில் பேச வேண்டும். பதற்றத்தில் வார்த்தை வராதே?

மாறும்போது சொல்லும் அந்த இரண்டு வாக்கியங்களை மட்டும், உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்படி ஆங்கிலத்தில் மனனம் செய்யுங்கள். இரண்டுக்கும் சேர்த்து இருபது சொல்லுக்கு மேல் வேண்டாம். அணிக்குள் சொல்லும் "கேபிள்", "பதிவு" என்ற சொற்கள் தமிழிலேயே இருக்கட்டும். நடுவர்களுக்கு விளங்க வேண்டியதில்லை.

24 மணி நேரப் போட்டியில் இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது?

மொத்தம் மூன்று மணி நேரம்தான், ஆனால் அது கடைசி மூன்று மணி நேரமாக இருக்கக்கூடாது. 16ஆம் மணியில், அரைகுறையாக இருந்தாலும், முதல் வீடியோவை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு எது உடைந்தாலும் காட்டுவதற்கு ஒன்று இருக்கும். 20ஆம் மணியில் நிரலைப் பூட்டுங்கள். வேலை செய்யும் அந்த நிலையை கொமிட் செய்து, `git tag final-demo` என்று குறித்துவைத்தால், யாராவது கடைசி நேரத்தில் பொத்தானின் நிறத்தை மாற்றப்போய் எதையாவது கெடுத்தாலும் திரும்பிவிடலாம். பூட்டிய பிறகு இரண்டாவது வீடியோ. முதல் வீடியோவில் இருந்த திரையும் இப்போது இருக்கும் திரையும் வேறு வேறாக இருந்தால், அது யாருடைய கருவி என்ற கேள்வி வரும்.

பிறகு ஒத்திகை, நான்கு தடவை. முதல் இரண்டும் சாதாரணமானவை. மூன்றாவதில் அணிக்கு வெளியே உள்ள ஒருவர், சொல்லாமல், ஏதாவதொன்றைக் கெடுக்க வேண்டும்: ஹொட்ஸ்பொட்டை அணைக்கலாம், பலகையின் மின்சாரத்தை நிறுத்தலாம். நான்காவதில் வேறொன்று. ஹட்டன் அணியில் அந்த வேலையைச் செய்தது ஒரு மாணவியின் தம்பி. அவன் கெடுத்த முதல் தடவை, இயக்குபவர் 10 எண்ணிச் சொல்லைச் சொன்னார், ஆனால் பேசுபவருக்கு அது காதில் விழவில்லை. அன்றிலிருந்து சொல்லோடு தோளில் ஒரு தட்டும் சேர்ந்துகொண்டது.

விழுந்த டெமோவைக் கேள்வி நேரத்தில் மறுபடி காட்டலாமா?

காட்டலாம், ஆனால் அதை முன்னறிவிக்காதீர்கள். பேசுபவர் மிச்சத்தைப் பேசிக்கொண்டிருக்கும்போது, இயக்குபவர் திரையைத் தொடாமல், இரண்டாவது லெப்டொப்பில் பலகையை மறுபடி இயக்கிப் பார்ப்பார். தொடர்ந்து மூன்று தடவை சீனிப் பக்கெட் சரியாகக் காட்டினால் மட்டும் பேசுபவருக்குத் தலையசைப்பார். அன்று மேடையில் வைஃபை வழி நின்று, கேபிளில் டெமோ முடிந்தது. கேள்வி நேரத்தில் ஒரு நடுவர், "வயர் இல்லாமல் இது வேலை செய்யுமா?" என்று கேட்டார். இயக்குபவர் அதற்குள் இரண்டாவது கைபேசியின் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறி, தலையசைத்துவிட்டிருந்தார். கேபிளைக் கழற்றிவிட்டு, சீனிப் பக்கெட்டை நடுவரிடமே கொடுத்துத் தராசில் வைக்கச் சொன்னார்கள். திரையில் 1,004 கிராம் வந்தது.